அக்கியை நெல் சுணை என்று அனுப்பிவிடாதீர்கள்

தை அறுவடை சமயத்தில் எங்கள் கிளினிக்குக்குப் பாதிப் பேர் அரிப்பென்றுதான் வருவார்கள். நெல் சுணை, வைக்கோல் தூசி, பூச்சிக்கடி. புதிதாகச் சேர்ந்த டாக்டர் தம்பி ஒருவர், வலது விலாவில் நாலைந்து சிவந்த தடிப்போடு வந்த அம்மாவுக்கு அரிப்பு மாத்திரையும் களிம்பும் எழுதி, "அஞ்சு நாள் கழிச்சு வாங்கம்மா" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவரைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"அஞ்சு நாள் கழிச்சு வாங்க"

இதே வார்த்தையை நானும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அறுபதைத் தாண்டிய விவசாயி, சர்க்கரை உண்டு. இடது முதுகில் அரிப்பும் எரிச்சலும் இரண்டு நாளாக, அன்று காலைதான் சின்னத் தடிப்பு. ஸ்டீராய்டு களிம்பு எழுதி அனுப்பினேன். ஆறாம் நாள் வந்தபோது முதுகுத்தண்டிலிருந்து தொப்புள் வரை கச்சை கட்டியதுபோல் கொப்புளம், நடுக்கோட்டில் கத்தரித்தாற்போல் நின்றிருந்தது. புண் ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. வலி போகவில்லை. ஒரு வருஷம் கழித்தும் தோளில் துண்டு போட முடியாமல் கையில் சுருட்டிப் பிடித்தபடி வருவார்.

சின்ன வயதில் வந்த சின்னம்மையின் கிருமி நரம்பு முடிச்சில் ஒடுங்கிக் கிடந்து, உடம்பு தளரும்போது அந்த ஒரு நரம்பு வழியே வெளியே வருவதுதான் அக்கி. அதனால்தான் ஒரு பக்கம் மட்டும். நெல் சுணை இரண்டு கை, கழுத்து என்று பரவும், குளித்தால் அடங்கும். அக்கியில் தடிப்புக்கு முன்பே அந்த இடம் எரியும், சட்டை உரசினாலே சுரீரென்கும். ஆனால் முதல் நாள் தடிப்பை மட்டும் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் மறுநாளே வரச் சொல்லுங்கள். அசைக்ளோவிர் மாத்திரை தடிப்பு தோன்றி 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். அதற்குப் பிறகும் புதுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தாலோ, எதிர்ப்புச் சக்தி குறைந்தவராக இருந்தாலோ கொடுக்கத்தான் வேண்டும்.

அக்கி எழுதிக்கொண்டு வந்தவரைத் திட்டுவது

எங்கள் பக்கம் குயவர் வீட்டுக்குப் போய்ச் செங்காவியால் எழுதிக்கொள்வது வழக்கம். திட்டினால் அடுத்த முறை மறைத்துவிடுவார்கள். "எழுதினது இருக்கட்டும்மா, மாத்திரையையும் இன்னைக்கே ஆரம்பிங்க" என்றால் கேட்பார்கள்.

மூக்கு நுனியில் கொப்புளம்

அதே நரம்புதான் கண்ணுக்கும் போகிறது. அன்றைக்கே கண் டாக்டர்.

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்காதது

அம்மை வராத கர்ப்பிணி, கைக்குழந்தை இருந்தால் கொப்புளத்தை மூடிவைக்கச் சொல்லுங்கள். அந்த நீர் பட்டால் அவர்களுக்கு அம்மை வரலாம்.

அந்த அம்மா மறுநாள் காலையே வந்துவிட்டார். தடிப்பின் மேல் ஜவ்வரிசி மாதிரி நீர் கோத்துக் கொத்தாக நின்றது. சிறுநீரகக் கோளாறு இல்லை என்று பார்த்துக்கொண்டு, 800 மில்லிகிராம், ஏழு நாள் என்று எழுதினேன். தினம் ஐந்து வேளை என்றதும் திகைத்தார். சீட்டின் பின்பக்கம் தம்பியே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார்: காலை 6, 10, மதியம் 2, சாயங்காலம் 6, ராத்திரி 10.