‘PCO2 நார்மல்தானே சார்?’: சரிந்து கிடக்கும் நாயின் பிளட் கேஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எமர்ஜென்சி டூட்டிக்குப் புதிதாக வருபவர்கள் பிளட் கேஸ் ஸ்லிப்பை வாங்கியதும் முதலில் தேடுவது அம்புக்குறியைத்தான். எந்த எண்ணுக்குப் பக்கத்தில் மேல் அம்பு, எதற்குக் கீழ் அம்பு என்று பார்த்துவிட்டு, அம்பு இல்லாததை எல்லாம் கண் தாண்டிப் போய்விடும். நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் வாசித்தோம், அதனால் திட்ட மனசு வராது. ஆனால் ஒரு இடத்தில் மட்டும் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது, அதைத்தான் நீட்டி எழுதப் போகிறேன். சிரிஞ்சில் காற்றுக் குமிழி, ஹெப்பாரின் அதிகமாகிவிடுவது, சாம்பிளை மேசையில் போட்டுவிட்டு மறப்பது எல்லாம் எல்லோரும் சொல்லிக்கொடுப்பதுதான், அதை விட்டுவிடலாம்.

வெயின் சாம்பிளில் PO2-ஐப் பார்ப்பது

வேண்டாம். நுரையீரல் ஆக்சிஜனை எப்படி ஏற்றுகிறது என்பதை அந்த எண் சொல்லாது.

அம்பு இல்லாத PCO2-ஐ நம்புவது

ஒரு மாலை, தோட்டத்தில் காவலுக்கு இருந்த ஒரு நாட்டு நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூக்குக்கு மேலே வீக்கம், நாகப்பாம்பை அடித்தே கொண்டு வந்திருந்தார்கள், அதனால் என்ன கடித்தது என்ற குழப்பம் இல்லை. நாய் நிற்கவில்லை, தலை தொங்குகிறது, ஈறு வெளுத்திருக்கிறது. “மூச்சு நல்லாத்தான் வாங்குது சார்” என்றார் உரிமையாளர். ஆக்சிஜன் மாஸ்க் வைத்ததும் SpO2 98 காட்டியது. கழுத்து வெயினில் எடுத்த ரத்தம் இப்படி வந்தது:

```
pH       7.15
PCO2     45
HCO3     15
Lactate  8.0
Na 146   K 3.8   Cl 110
```

பக்கத்தில் இருந்த ஜூனியர் டாக்டர் வேகமாகவே வாசித்தார். pH குறைவு, எனவே அமிலம் கூடியிருக்கிறது. HCO3 குறைவு, எனவே மெட்டபாலிக். லாக்டேட் எட்டு, எனவே காரணமும் கிடைத்துவிட்டது. “PCO2 நார்மல்தானே சார்?” என்று சொல்லிக்கொண்டே பைகார்பனேட் பாட்டிலைத் திறக்கப் போய்விட்டார். முதல் மூன்று படியும் சரி. நான்காவது படியில்தான் அந்த நாய் செத்திருக்கும்.

ரத்தத்தில் அமிலம் கூடினால் நல்ல நாய் வேகமாக மூச்சுவிட்டு கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளும், PCO2 இறங்கும். அது எவ்வளவு இறங்க வேண்டும் என்பதற்கு நாய்க்கென்று ஒரு கணக்கு இருக்கிறது: HCO3 ஒன்று குறைந்தால் PCO2 சுமார் 0.7 குறைய வேண்டும். எங்கள் மெஷினின் ரேஞ்சில் HCO3-க்கு நடு எண் 22, வெயின் PCO2-க்கு 40.

```
HCO3 குறைவு      = 22 - 15        = 7
எதிர்பார்க்கும் PCO2 = 40 - (0.7 x 7) = சுமார் 35
```

இரண்டு மூன்று எண் முன்னே பின்னே இருந்தால் விட்டுவிடலாம். இங்கே பத்து அதிகம். அதாவது 45 என்பது ரேஞ்சுக்குள் இருந்தாலும் இந்த நாய்க்கு, இந்த pH-இல், அது நார்மலே இல்லை. மெட்டபாலிக் அமிலத்தோடு ரெஸ்பிரேட்டரி அமிலமும் சேர்ந்திருக்கிறது. மெஷினுக்கு ரேஞ்ச் மட்டும்தான் தெரியும், பக்கத்து எண்ணோடு சேர்த்துப் பார்த்து அம்பு போட அதற்குத் தெரியாது.

அப்புறம் நாயைப் பார்த்தால் விஷயம் கண் முன்னாலேயே இருந்தது. மூச்சு வேகமாக இருந்தது, ஆனால் விலா எலும்பு பெரிதாக விரியவே இல்லை. நாக விஷம் நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தியைத் தடுத்துவிடும், உதரவிதானமும் அதில் அடங்கும். எண்ணிக்கையில் நாற்பது மூச்சு, ஒவ்வொன்றும் அரை மூச்சு. SpO2 98-ஐப் பார்த்து ஏமாறுவதும் இங்கேதான்: மாஸ்க் வழியாக ஆக்சிஜன் உள்ளே போய்விடும், கார்பன் டை ஆக்சைடை அது வெளியே இழுத்துக்கொண்டு வராது.

இந்த நேரத்தில் பைகார்பனேட் போட்டிருந்தால்? அது அமிலத்தோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகத்தான் மாறும், அதை வெளியேற்ற வேண்டியது அதே அசையாத உதரவிதானம். PCO2 இன்னும் ஏறும், ஏறிய வாயு மூளைச் செல்லுக்குள் சட்டென்று நுழைந்துவிடும்.

நாங்கள் குழாய் போட்டோம், தாடை தளர்ந்தே இருந்ததால் மயக்க மருந்துகூடத் தேவைப்படவில்லை. கேப்னோகிராஃபில் நாயின் சொந்த மூச்சுக்கு 38 வந்தது, ஆம்பு பையை ஒரு தடவை முழுசாக அழுத்தியதும் 41. ஆழமில்லாத மூச்சில் உள்ளே தேங்கிய காற்று முழுசாக வெளியே வருவதில்லை, அதனால்தான் இந்த வித்தியாசம். விஷமுறிவு மருந்து, அட்ரோபினோடு நியோஸ்டிக்மின், ஃப்ளூயிட் என்று மற்றதெல்லாம் ஓடிக்கொண்டிருக்க, ஒருவர் பையை அழுத்திக்கொண்டே இருந்தார். அடுத்த சாம்பிளில் HCO3 14, PCO2 32, pH 7.26. பைகார்பனேட் ஒரு சொட்டுகூடப் போகவில்லை, HCO3 ஏறவும் இல்லை. pH ஏறியது கையால் கொடுத்த மூச்சில்.

மனிதக் கணக்கை நாய்க்குப் போடுவது

போனில் இருக்கும் ஆப் பெரும்பாலும் மனிதர்களுக்கானது. HCO3-ஐ 1.5-ஆல் பெருக்கி 8 கூட்டு என்று அது சொல்லும், இந்த நாய்க்கு அப்படிப் போட்டால் 30.5 வரும். மனிதர்கள் அளவுக்கு நாய் PCO2-ஐ இறக்காது. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டால், ஒழுங்காக ஈடுகட்டும் நாயையும் மூச்சுக் கோளாறு என்று சொல்லிவிடுவீர்கள்.

ஏறிய PCO2 எல்லாமே நுரையீரல் குற்றம் என்பது

மேலே சொன்னதைப் படித்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடுபவர்களும் உண்டு. இது வெயின் ரத்தம் என்பதை மறக்கக் கூடாது. நல்ல ரத்த ஓட்டத்தில் வெயின் PCO2 தமனியைவிட ஏறத்தாழ ஐந்துதான் அதிகம். ஷாக்கில் ரத்தம் திசுக்களில் மெதுவாக நகர்வதால் அது அதிக கார்பன் டை ஆக்சைடைச் சுமந்து வரும், இடைவெளி விரியும். நெஞ்சு நன்றாக விரிகிறது, கேப்னோகிராஃபில் எண் குறைவு, வெயினில் மட்டும் அதிகம் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரத்த ஓட்டத்தை. முடிந்தால் ஒரு தமனி சாம்பிள் எடுத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். முடியாவிட்டால் ஃப்ளூயிட் கொடுத்து, ஈறின் நிறம் திரும்பியபின் மறுபடி எடுத்துப் பாருங்கள். முன்காலை வெகுநேரம் இறுக்கிப் பிடித்து எடுத்த சாம்பிள் அந்தக் காலின் கதையைத்தான் சொல்லும், அதனால்தான் கழுத்து வெயின்.

ஆனியன் கேப்பை விட்டுவிடுவது

லாக்டேட் தெரிந்துவிட்டதே, எதற்கு என்று கேட்பார்கள். சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கூட்டி, குளோரைடையும் HCO3-ஐயும் கழித்தால் நம் நாய்க்கு 24.8. நாய்க்கு 18-ஐ நடுவாக வைத்தால் ஏறத்தாழ ஏழு கூடியிருக்கிறது, HCO3 குறைந்ததும் ஏழு. இரண்டும் ஒத்துப்போகின்றன, கூடிய லாக்டேட்டும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், ஒளிந்திருக்கும் வேறு கோளாறு இல்லை. இதுவே கேப் பதினைந்து கூடி HCO3 மட்டும் நார்மலாக இருந்திருந்தால், வாந்தியால் வந்த காரமும் ஷாக்கால் வந்த அமிலமும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருக்கலாம். பார்வோ குட்டிகளில் pH 7.38 என்று வந்து ஏமாற்றுவது அப்படித்தான். ஒன்று மட்டும்: ஆல்புமின் குறைந்த நாயில் கேப்பும் குறைந்தே தெரியும், அங்கே நார்மல் கேப்பை நம்ப வேண்டாம்.

அடுத்த சாம்பிளை வேறு இடத்தில் எடுப்பது

முதலில் கழுத்து என்றால் இரண்டாவதும் கழுத்துதான். இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது.