டொராண்டோவிலிருந்து பதில் தாமதமா? பேசும்முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டீம் லீட் சென்னையில். ஊழியர் டொராண்டோவில், வீட்டிலிருந்தே வேலை. கொஞ்ச நாளாக அவரிடமிருந்து பதில் வரத் தாமதமாகிறது. இதைப் பற்றிப் பேச உட்காரும்போது பலரும் செய்யும் முதல் தவறு, தாமதத்தைச் சென்னைக் கடிகாரத்தில் அளப்பது.

கோடையில் இரு ஊருக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். சென்னையில் காலை 11 மணிக்கு அனுப்பும் செய்தி அங்கே இரவு 1.30க்குப் போய்ச் சேரும். அவர் 9 மணிக்கு வேலையைத் தொடங்கி 9.30க்குப் பதில் போட்டால் இங்கே மாலை 7 மணி. உங்கள் கணக்கில் எட்டு மணி நேரத் தாமதம். அவர் கணக்கில் அரை மணி. நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதன்பின் அதே பதில் இங்கே இரவு 8 மணிக்குத்தான் வரும். அவர் எதையும் மாற்றவில்லை, ஆனாலும் ‘மெதுவாகிவிட்டார்’ என்று தோன்றும்.

ஆகவே கடந்த நான்கு வாரம், அதற்கு முந்தைய நான்கு வாரம் இரண்டையும் எடுங்கள். பதில் தேவைப்பட்ட செய்திகளை மட்டும் பாருங்கள், லீவு நாட்களைக் கழியுங்கள், அவருடைய வேலை நேரத்தில் எத்தனை மணி நேரம் ஆனது என்று குறியுங்கள். முன்பு இரண்டு மணி நேரத்தில் வந்தது இப்போது ஏழு மணி நேரம் ஆகிறதென்றால் பேச விஷயம் இருக்கிறது. இல்லையென்றால் மீட்டிங்கே வேண்டாம்.

வெள்ளிக்கிழமை மாலை “கொஞ்சம் பேசணும்” என்று மட்டும் செய்தி போடாதீர்கள். வாரக்கடைசி முழுக்க அவருக்கு அதே நினைப்பாக இருக்கும். எதைப் பற்றி என்று சொல்லி, அவருக்குக் காலை 9.30க்கு அரை மணி நேரம் வையுங்கள். “நீங்க ரெஸ்பான்ஸே பண்றதில்ல” என்று தொடங்கினால் அவர் தற்காப்புக்குத்தான் போவார். “போன வாரம் ரிலீஸ் பத்தின மூணு கேள்விக்கு மறுநாள்தான் பதில் வந்தது, டெஸ்டிங் ஒரு நாள் நின்னுபோச்சு” என்றால் பேச்சு வேலையைச் சுற்றியே நிற்கும்.

அக்கறையாகக் கேட்பதாக நினைத்து “வீட்ல ஏதாவது பிரச்சனையா?” என்று நுழைவதுதான் நுட்பமான தவறு. மேலதிகாரி கேட்டால் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று படும். “வேலை நேரத்துல ஏதாவது மாத்திக்கணுமா? காரணம் சொல்லணும்னு இல்ல” என்பது போதும். அவராகவே உடல்நலம் பற்றிச் சொன்னால் அதைக் குறிப்பில் எழுதாதீர்கள். ‘மதியம் 1 முதல் 3 வரை இருக்கமாட்டார்’ என்ற ஏற்பாட்டை மட்டும் எழுதுங்கள்.

முடிக்கும்போது “சீக்கிரம் ரிப்ளை பண்ணுங்க” என்று விடவும் கூடாது. சாதாரணச் செய்திக்கு அவருடைய நான்கு வேலை மணிக்குள் பதில். முழுப் பதில் தயாராகவில்லையென்றால் “பார்த்துட்டேன், நாளை மதியத்துக்குள் சொல்றேன்” என்ற ஒரு வரி. அவசரமென்றால் போன், அதுவும் அவருடைய வேலை நேரத்தில். உங்கள் பக்கமும் ஒன்று உண்டு: கேள்விகளை அவருடைய நாள் தொடங்கும் முன் ஒரே செய்தியாக, எப்போதுக்குள் வேண்டும் என்று போட்டு அனுப்புங்கள். இரண்டு வாரம் கழித்து அதே கணக்கை மறுபடி எடுத்து இருவரும் பாருங்கள்.