சம்பள ஷீட்டைப் பூட்டி மெயிலில் அனுப்புவது எப்படி, எப்போது லிங்க் கொடுப்பது நல்லது

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு பார்க்கிறேன். 38 பேருக்குச் சம்பளம். பி.எஃப். பணம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும் என்பதால், 8 அல்லது 9ஆம் தேதி தஞ்சாவூரில் இருக்கும் ஆடிட்டர் ஆபீசுக்கு எக்செல் ஷீட் போய்விடும். அதை அனுப்புவதற்கு முன்னால் நான் செய்வது இதுதான்.

முதலில் ஷீட்டை ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நகலில் அவர்களுக்குத் தேவையில்லாத பத்திகளை அழித்துவிடுங்கள். பி.எஃப். கணக்குக்குப் பெயர், யுஏஎன் நம்பர், சம்பளத் தொகை, வராத நாட்கள் இருந்தால் போதும். பேங்க் கணக்கு எண்ணும் ஆதாரும் எதற்கு? பத்தியை மறைத்து வைத்தால் மட்டும் போதாது. வலது கிளிக் செய்து Unhide கொடுத்தால் மறைத்ததெல்லாம் வந்து நிற்கும்.

அப்புறம் பூட்டு. எக்செலில் File → Info → Protect Workbook → Encrypt with Password என்று போய், பாஸ்வேர்டை இரண்டு முறை கொடுத்து, மறக்காமல் சேமியுங்கள். சேமிக்காமல் மூடினால் பூட்டு விழாது. பழைய .xls ஃபைலாக இருந்தால் முதலில் .xlsx ஆக மாற்றிக்கொள்ளுங்கள்; பழைய வகையின் பூட்டு ரொம்பப் பலவீனம். பேங்க்குக்குப் போகும் .csv ஃபைலில் பாஸ்வேர்டே தங்காது.

புதிதாகச் செய்கிறவர்கள் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. அதே மெனுவில் Protect Current Sheet என்றும் இருக்கிறது. அதற்கும் பாஸ்வேர்ட் கேட்கும். ஆனால் அது திருத்துவதைத்தான் தடுக்கும், படிப்பதைத் தடுக்காது. சரி, எது விழுந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? ஃபைலை மூடிவிட்டுத் திறந்து பாருங்கள். ஒரு கட்டம்கூடக் கண்ணில் படுவதற்கு முன்பே பாஸ்வேர்ட் கேட்டால் நிஜப் பூட்டு. ஷீட் முழுக்கத் தெரிந்து, ஒரு கட்டத்தில் தட்டும்போதுதான் மறுக்கிறது என்றால் நீங்கள் பூட்டவே இல்லை.

பாஸ்வேர்ட் எப்படி இருக்க வேண்டும்? மில் பெயரும் வருஷமும் சேர்த்தால் யாரும் ஊகித்துவிடுவார்கள். ஃபைல் கையில் கிடைத்தவர், தன் கம்ப்யூட்டரில் லட்சக்கணக்கான பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்க்கலாம். ஏடிஎம் போல மூன்று தவறுக்குப் பின் எக்செல் யாரையும் நிறுத்தாது. அதனால் நீளம்தான் காப்பு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு வார்த்தைகள் எடுத்துக்கொள்கிறேன், இந்த மாதிரி:

```
vaikkol-thavalai-kudai-jannal
```

(இதையே வைத்துவிடாதீர்கள்.) பாஸ்வேர்டை அதே மெயிலில் எழுதினால் பூட்டோடு சாவியையும் கட்டி அனுப்பிய மாதிரி. போனில் சொல்லுங்கள். அப்படியே மெயில் வந்ததா என்றும் கேட்டுவிடுங்கள்: பூட்டிய ஃபைலுக்குள் வைரஸ் இருக்கிறதா என்று மெயில் சர்வரால் பார்க்க முடியாது, அதனால் சில நேரம் ஸ்பேமில் போய் விழும். பாஸ்வேர்ட் மறந்தால் எக்செல் மீட்டுத் தராது. பூட்டாத அசல் உங்கள் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கட்டும்.

இப்படித்தான் கொஞ்ச காலம் ஓடியது. ஒரு நாள் வழக்கம்போல, ஆடிட்டர் ஆபீசில் ஷீட்டை வாங்கிக்கொள்ளும் பையனிடம் பாஸ்வேர்ட் சொல்ல போன் செய்தேன். "அவர் வேலையை விட்டு ஒரு மாசம் ஆச்சுங்க சார்" என்றார் எடுத்தவர். நான் ஃபைல் அனுப்பிக்கொண்டிருந்ததோ அந்தப் பையனின் சொந்த மெயிலுக்கு. ஆறு மாத ஃபைல்கள், ஆறுக்கும் ஒரே பாஸ்வேர்ட், அது அவருக்குத் தெரியும். அவர் நல்ல பையன்தான். ஆனாலும் அனுப்பியதைத் திரும்ப வாங்க எனக்கு வழியே இல்லை.

அதற்குப் பிறகு, எதிர்ப்பக்கம் ஆள் மாறக்கூடிய இடம், ஒரே ஷீட்டை மூன்று நான்கு பேர் பார்க்க வேண்டிய இடம், அனுப்பிய பின் திருத்தம் வரும் இடம் என்றால் லிங்க்தான். பூட்டிய ஃபைலை கூகுள் டிரைவில் ஏற்றி, Share அழுத்தி, General access என்பது Restricted என்று இருக்கிறதா பாருங்கள். பெறுபவரின் மெயில் முகவரியைச் சேர்த்து Viewer என்று வையுங்கள். அவரிடம் கூகுள் கணக்கு இருப்பது நல்லது. Anyone with the link மட்டும் வேண்டாம். அந்த லிங்க் யார் வாட்ஸ்அப்புக்குப் போனாலும் திறக்கும், அதற்குப் பூட்டிய ஃபைலை மெயிலில் அனுப்புவதே மேல்.

லிங்க்கை நிறுத்தினாலும், அதற்குள் இறக்கிக்கொண்டவரிடம் நகல் இருக்கத்தான் செய்யும். ஃபைலைப் பூட்டியே ஏற்றுவது அதனால்தான். மாதாமாதம் பாஸ்வேர்டையும் மாற்றுகிறேன். ஒரே ஆளுக்கு, ஒரே தடவை, ஆபீஸ் மெயிலுக்குப் போகிற ஷீட் என்றால் இன்றைக்கும் பூட்டி இணைத்துத்தான் அனுப்புகிறேன். ஆடிட்டர் ஆபீசுக்கு லிங்க். பி.எஃப். ரசீது கைக்கு வந்த அன்றே Share-ஐத் திறந்து, அவர்கள் பெயருக்கு எதிரே Remove access.