இரண்டு தவறுகள் சேர்ந்து தந்த சரியான விடை: வேறுபாட்டு இணையைக் கணக்கிடும்போது கவனிக்க வேண்டியவை

சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு வார இறுதிகளில் பாடம் சொல்லித் தருகிறேன். அண்மையில் ஒரு மாணவரின் விடைத்தாளில், வேறுபாட்டுப் பெருக்கத்தைப் பொது முறைப் பெருக்கத்தால் வகுத்துப் பெறும் பொது முறை நிராகரிப்பு விகிதம் 66 டெசிபெல் என்று சரியாகவே இருந்தது. ஆனால் அதற்கு முந்தைய இரண்டு வரிகளும் தவறு. அந்தத் தவறுகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டதால் விடை மட்டும் சரியாக வந்தது.

வேறுபாட்டு இணைச் சுற்று எளியது. இரு டிரான்சிஸ்டர்களின் எமிட்டர்களும் ஒன்றாக இணைக்கப்பட்டு, அந்த முனையிலிருந்து ஒரு மின்னோட்ட மூலம் 1 மில்லிஆம்பியரைக் கீழே இழுக்கிறது. கலெக்டர் மின்தடைகள் `RC` ஒவ்வொன்றும் 10 கிலோஓம். மின்னோட்ட மூலத்தின் வெளியீட்டு மின்தடை 100 கிலோஓம். ஒவ்வொரு டிரான்சிஸ்டரிலும் 0.5 மில்லிஆம்பியர் பாய்வதால் அதன் கடத்துதிறன் `gm` 0.5/25, அதாவது வோல்ட்டுக்கு 20 மில்லிஆம்பியர். (வெப்ப மின்னழுத்தத்திற்கு நாம் வழக்கமாக எடுக்கும் 25 மில்லிவோல்ட் ஏறத்தாழ 17 பாகை செல்சியஸுக்கு உரியது. நம் ஆய்வுக்கூடங்களின் குளிரூட்டிக்கு அது பொருந்தலாம், டிரான்சிஸ்டரின் உள்வெப்பத்திற்குப் பொருந்தாது. ஆயினும் கைக்கணக்கிற்கு அது போதும்.)

முதல் தவறு, வெளியீட்டை எங்கே எடுக்கிறோம் என்பதை மறப்பது. உள்ளீட்டு வேறுபாடு இரு பக்கங்களுக்கும் பாதிப் பாதியாக, எதிரெதிர்க் குறிகளுடன் பிரிகிறது. ஆகவே இரு கலெக்டர்களுக்கும் இடையே எடுத்தால் பெருக்கம் `gm × RC`, அதாவது 200. ஒரு கலெக்டருக்கும் தரைக்கும் இடையே எடுத்தால் அதில் பாதி, 100. கேள்வி ஒற்றைப் பக்க வெளியீட்டைக் கேட்டிருந்தது, மாணவரோ 200 என்று எழுதியிருந்தார்.

இரண்டாவது தவறு பொது முறையில் நேர்ந்தது. இரு உள்ளீடுகளும் ஒன்றாக ஏறி இறங்கும்போது சுற்றைப் பாதியாக வெட்டினால், ஒவ்வொரு பாதிக்கும் கிடைப்பது 100 கிலோஓம் அல்ல, 200 கிலோஓம். சூத்திரத்தில் வரும் அந்த 2-ஐ மனப்பாடம் செய்வதைவிட மின்னோட்டத்தைப் பின்தொடர்வது நல்லது. இரு பேஸ்களும் 1 வோல்ட் உயர்ந்தால் எமிட்டர் முனையும் ஏறத்தாழ 1 வோல்ட் உயர்கிறது. 100 கிலோஓம் வழியே 10 மைக்ரோஆம்பியர் கூடுதலாகப் பாய்கிறது. அது இரண்டாகப் பிரிந்து ஒவ்வொரு கலெக்டருக்கும் 5 மைக்ரோஆம்பியர் வருகிறது. 10 கிலோஓமில் அது 50 மில்லிவோல்ட் மாற்றம். எனவே பொது முறைப் பெருக்கம் 0.05. மாணவர் எழுதியது 0.1.

```
சரி     : 100 / 0.05 = 2000  (66 dB)
மாணவர் : 200 / 0.1  = 2000  (66 dB)
```

இதன் ஆபத்து, ஒன்றை மட்டும் திருத்தும்போதே வெளிப்படும். முதல் தவறு மட்டும் இருந்தால் 72 டெசிபெல், இரண்டாவது மட்டும் இருந்தால் 60. விடையில் சரியாக 6 டெசிபெல் கூடினாலோ குறைந்தாலோ, எங்கோ ஒரு 2 தொலைந்திருக்கிறது என்று முதலில் ஐயப்படுங்கள். விகிதத்தின் மேலும் கீழும் உள்ள இரு பெருக்கங்களும் ஒரே வெளியீட்டில் எடுக்கப்பட்டவையா என்பதையும் பாருங்கள்.

இரு கலெக்டர்களுக்கும் இடையே எடுத்தால் பொது முறைப் பெருக்கம் பூச்சியம், விகிதம் முடிவிலி என்று எழுதிவிடுவதும் உண்டு. தாளில் அது சரி. ஆனால் ஒரு மின்தடை 10 ஆகவும் மற்றது 10.1 கிலோஓமாகவும் இருந்தால், அதே 5 மைக்ரோஆம்பியர் 0.5 மில்லிவோல்ட் வேறுபாட்டை உண்டாக்கும். விகிதம் 4,00,000, அதாவது 112 டெசிபெல். டிரான்சிஸ்டர்களும் ஒத்திராவிட்டால் இன்னும் குறையக்கூடும்.

மின்னோட்ட மூலத்திற்குப் பதிலாக -12 வோல்ட்டுக்கு ஒரு மின்தடையை வைத்தால் போதாதா என்றும் கேட்பார்கள். 1 மில்லிஆம்பியருக்கு அது சுமார் 11.3 கிலோஓம், பொது முறைப் பெருக்கம் 0.44 ஆக ஏறி, ஒற்றைப் பக்க விகிதம் 47 டெசிபெல்லுக்கு இறங்கிவிடும்.

கடைசியாக, அளவிடும்போது நேரும் தவறு. பொது முறைப் பெருக்கத்தை அளக்க, சமிக்ஞை உருவாக்கியின் இரண்டு வாய்க்கால்களையும் 1 வோல்ட்டில் வைத்து, ஒரு பேஸுக்கு ஒரு வாய்க்கால் எனக் கொடுப்பவர்கள் உண்டு. அவை 0.1 விழுக்காடு வேறுபட்டாலே 1 மில்லிவோல்ட் வேறுபாட்டுச் சமிக்ஞை நுழைந்து, 100 மடங்கு பெருகி 100 மில்லிவோல்ட்டாக வெளிவரும். நாம் தேடும் 50 மில்லிவோல்ட் அதில் மூழ்கிப்போகும். இரு பேஸ்களையும் ஒரே கம்பியால் இணைத்து, ஒரே வாய்க்காலிலிருந்து ஊட்ட வேண்டும்.