கலப்பு மின்தடைச் சுற்று: கிடைத்த விடையைச் சரிபார்ப்பது எப்படி?

தொடரிணைப்பும் பக்க இணைப்பும் கலந்த கணக்கைப் போட்டு முடித்தவுடன், எழுதிய வரிகளையே மறுபடி படித்துப் பார்ப்பது பலருக்கும் பழக்கம். முதல்முறை கண்ணில் படாத தவறு இரண்டாம்முறையும் படாமல் போக வாய்ப்பு அதிகம். அதனால் விடையிலிருந்து பின்னோக்கி நடந்து, சுற்று அதை ஏற்றுக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு சுற்றை எடுத்துக்கொள்வோம். 12 V பேட்டரி. அதனுடன் தொடரில் R1 = 4 Ω. அதற்கடுத்து R2 = 6 Ω, R3 = 12 Ω இரண்டும் பக்க இணைப்பில். நாம் போட்ட விடை இது:

```
1/Rp = 1/6 + 1/12 = 3/12,  Rp = 4 Ω
R = R1 + Rp = 4 + 4 = 8 Ω
I = 12 / 8 = 1.5 A
```

படி 1: படத்தைத் திரும்பப் பாருங்கள்

பேட்டரியின் நேர்முனையை A என்றும், R1 முடியும் சந்தியை B என்றும், எதிர்முனையை C என்றும் குறியுங்கள். R1 இருப்பது A, B இடையே. R2, R3 இரண்டுமே B, C இடையே. இரு முனைகளும் ஒன்றாக இருந்தால்தான் பக்க இணைப்பு.

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஒருவர் R1, R2 இரண்டும் தொடரில் இருப்பதாக எண்ணி, அந்த 10 Ω-க்குப் பக்கத்தில் R3-ஐ வைத்துவிட்டார் என்று கொள்வோம். அவருக்குக் கிளைகளில் 1.2 A, 1 A, மொத்தம் 2.2 A வரும். கூட்டினால் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அது வேறொரு சுற்றின் விடை! படத்தைத் தவறாகப் படித்திருந்தால், கீழே வரும் எந்தச் சோதனையும் அதைக் காட்டிக்கொடுக்காது.

படி 2: மின்தடையை வேறு வழியில் கணக்கிடுங்கள்

முன்பு தலைகீழிகளைக் கூட்டினோம். இப்போது பெருக்கலை கூட்டலால் வகுப்போம்:

```
Rp = (6 × 12) / (6 + 12) = 72 / 18 = 4 Ω
```

ஒரு பார்வையிலேயே செய்யக்கூடிய சோதனையும் உண்டு. இரண்டு மின்தடைகள் பக்க இணைப்பில் இருந்தால், விடை சிறியதைவிடக் குறைவாகவும், சிறியதில் பாதிக்குக் குறையாமலும் இருக்கும். இங்கே 3 முதல் 6-க்குள் வர வேண்டும். 4 வந்திருக்கிறது, சரி.

படி 3: மின்னழுத்தங்களைக் கூட்டுங்கள்

```
V1 = I × R1 = 1.5 × 4 = 6 V
Vp = I × Rp = 1.5 × 4 = 6 V
V1 + Vp = 12 V
```

பேட்டரியின் 12 V திரும்ப வந்துவிட்டது. இங்கே Vp-ஐ 12 − 6 என்று கழித்து எழுதக் கூடாது. கழித்து எடுத்ததைத் திரும்பக் கூட்டினால் எப்போதும் 12 தான் வரும், அதற்குப் பெயர் சோதனை அல்ல.

படி 4: கிளை மின்னோட்டங்களைக் கூட்டுங்கள்

```
I2 = 6 / 6  = 1 A
I3 = 6 / 12 = 0.5 A
I2 + I3 = 1.5 A
```

சந்தி B-க்குள் வந்த 1.5 A அப்படியே வெளியேறுகிறது. இங்கேயும் I3-ஐ 1.5 − 1 என்று எடுக்காமல், ஓம் விதியிலிருந்தே எடுங்கள்.

இந்த இரண்டு கூட்டல்களில் ஒன்று போதாதா? போதாது. அடிக்கடி நடக்கும் ஒரு தவறைப் பார்ப்போம்: 1/Rp = 0.25 என்று வந்ததும், தலைகீழாக்க மறந்து Rp = 0.25 Ω என்றே எழுதிவிடுவது.

```
R = 4.25 Ω,  I = 2.82 A
V1 = 11.29 V,  Vp = 0.71 V   →  கூடுதல் 12 V
I2 = 0.12 A,  I3 = 0.06 A    →  கூடுதல் 0.18 A
```

மின்னழுத்தச் சோதனை அழகாகத் தேறிவிட்டது. மின்னோட்டச் சோதனைதான் பிடித்தது: 2.82 A வரும் சந்தியிலிருந்து 0.18 A மட்டும் எப்படி வெளியேறும்?

இனி மாறாக, Rp சரியாக 4 Ω வந்தும், 4 + 4 = 9 என்று கை தவறிவிட்டதாகக் கொள்வோம். I = 1.33 A. கிளைகளில் 0.89 A, 0.44 A, கூட்டினால் 1.33 A. இம்முறை மின்னோட்டம் தேறிவிடும். மின்னழுத்தமோ 5.33 + 5.33, அதாவது 10.66 V-இல் நின்றுவிடும்.

ஆக, மின்னோட்டம் பொருந்தவில்லை என்றால் முதலில் Rp-ஐப் பாருங்கள். மின்னழுத்தம் பொருந்தவில்லை என்றால் மொத்த மின்தடையின் கூட்டலையும், 12-ஐ அதால் வகுத்ததையும் பாருங்கள்.

கடைசி இலக்கத்தில் வரும் சிறு வித்தியாசத்துக்குப் பதற வேண்டாம். R3 = 10 Ω என்றால் R = 7.75 Ω, மின்னோட்டத்தை 1.55 A என்று முழுமையாக்கினால் மின்னழுத்தங்களின் கூடுதல் 12.01 V வரும். அது முழுமையாக்கியதால் வந்தது. 12-க்குப் பதில் 11 வந்தால் மட்டும் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. எங்கோ ஒரு வரி தவறு.