மந்திரி யார்? அக்கா மகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்த கதை

அக்கா மகளுக்கு ஒன்பது வயது. தாத்தா ராணியை 'மந்திரி' என்பார். நான் பிஷப்பை 'மந்திரி' என்பேன். பாவம், அவள் பிஷப்பை நேராக நகர்த்திக்கொண்டே இருந்தாள். இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

அப்புறம் தாத்தாவோடு உட்கார்ந்து ஒரே பெயர்களாக முடிவுசெய்தோம். குறுக்காக மட்டும் போவது மந்திரி. நேராக மட்டும் போவது யானை. இரண்டு விதமாகவும் போவது ராணி. மறுநாளே குழப்பம் தீர்ந்தது.

முதல் ஆட்டத்துக்கு ஒரே திட்டம்தான் கொடுத்தேன். வெள்ளை ராஜாவின் சிப்பாய் e4-க்கு, கறுப்பு e5-க்கு. குதிரை g1-இலிருந்து f3-க்கு வந்து அந்தக் கறுப்புச் சிப்பாயை மிரட்டும்; கறுப்பு தன் குதிரையை c6-இல் வைத்துக் காக்கும். மந்திரி c4-க்கு வந்தால் அதன் பார்வை f7 மேல் விழும். அந்தக் கட்டத்தைக் கறுப்பு ராஜா ஒருவர்தான் காக்கிறார்.

இப்போது ராஜாவுக்கும் யானைக்கும் நடுவே காலி. கோட்டை கட்டலாம்: ராஜா g1-க்கு, யானை f1-க்கு. இரண்டும் அதுவரை நகர்ந்திருக்கக் கூடாது. ராஜாவுக்கு செக் இருக்கக் கூடாது. அவர் கடக்கும் கட்டமும் போய் நிற்கும் கட்டமும் எதிரியின் தாக்குதலில் இருக்கக் கூடாது.

அவள் முதலில் யானையைத் தொட்டாள். போட்டி விதிப்படி அப்படித் தொட்டால் யானையைத்தான் நகர்த்த வேண்டும். "ராஜா முதலில்" என்று சொல்லிக்கொண்டே பத்து முறை கோட்டை கட்டிப் பார்த்தாள். இப்போது கை தானாக ராஜாவிடம் போகிறது.