ஒரு ஏக்கர் வனாமி இறால் குளத்துக்கு எத்தனை ஏரேட்டர் வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

புதிதாகக் குளம் வெட்டியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஏக்கருக்கு எத்தனை ஏரேட்டர் போடணும்?" என்பதுதான். பக்கத்துப் பண்ணையில் ஆறு ஓடுகிறது என்று ஆறு வாங்கிவிடுவார்கள். ஆனால் அங்கே எத்தனை குஞ்சு விட்டிருக்கிறார்கள், எந்த அளவில் பிடிக்கப் போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. தண்ணீரில் ஆக்சிஜனைக் கரைக்கும் இந்த ஏரேட்டரின் எண்ணிக்கையை ஏக்கர் முடிவு செய்வதில்லை, அறுவடை நாளில் குளத்துக்குள் எத்தனை கிலோ இறால் இருக்கும் என்பதுதான் முடிவு செய்கிறது.

ஒரு ஏக்கர் குளத்தை எடுத்துக்கொள்வோம். பரப்பு 4,000 சதுர மீட்டர், தண்ணீர் 1.2 மீட்டர் ஆழம்.

முதல் படி: கடைசி நாள் எடை

சதுர மீட்டருக்கு 50 குஞ்சு விடுகிறோம். (வனாமிக்கு கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையம் அனுமதிக்கும் உச்சம் 60.) மொத்தம் 2,00,000 குஞ்சு. 80 சதவீதம் பிழைத்தால் 1,60,000. அதை 50 கவுண்டில், அதாவது ஒரு இறால் 20 கிராம் இருக்கும்போது பிடித்தால், குளத்தில் 3,200 கிலோ இருக்கும்.

இந்த எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வரும்.

இரண்டாவது படி: பண்ணைக் கணக்கு

இறால் குளத்தில் ஒரு எச்.பி. ஏரேட்டர் 400 முதல் 500 கிலோ வரை தாங்கும் என்பது பரவலாகப் புழங்கும் கணக்கு. 3,200 கிலோவை 400-ஆல் வகுத்தால் 8 எச்.பி. 500-ஆல் வகுத்தால் ஆறரைக்குக் கொஞ்சம் குறைவு. புதியவர்கள் 400-ஐயே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 2 எச்.பி. துடுப்புச் சக்கர ஏரேட்டர் நான்கு.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம், பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் இந்த எட்டு எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால், மின்சாரம் போகும் இரவில் என்ன செய்வது என்றும் தெரியாது.

மூன்றாவது படி: ஆக்சிஜன் யாருக்குப் போகிறது?

விடியற்காலை, அறுவடைக்கு முந்தைய வாரம். வெயில் இல்லை, பாசி ஆக்சிஜன் தயாரிக்கவில்லை. அந்த நேரத்துச் செலவைப் பார்ப்போம்.

ஒரு கிலோ இறால் மணிக்கு சுமார் 300 மில்லிகிராம் ஆக்சிஜன் எடுக்கும் என்று வைத்தால், 3,200 கிலோவுக்கு மணிக்கு 1 கிலோ. தண்ணீரில் இருக்கும் பாசியும் பாக்டீரியாவும் இரவில் லிட்டருக்கு மணிக்கு 0.3 மில்லிகிராம் எடுத்தால், 4,800 கன மீட்டர் தண்ணீருக்கு 1.4 கிலோ. அடிச்சேற்றுக்கு 0.4 கிலோ. மொத்தம் மணிக்கு 2.8 கிலோ.

கவனியுங்கள், இறால் எடுப்பது மூன்றில் ஒரு பங்குதான். மிச்சம் பாசிக்கும் சேற்றுக்கும் போகிறது. தண்ணீர் கெட்டியான பச்சையாகிவிட்ட குளத்தில் பாசியின் பங்கு இன்னும் ஏறும். தீவனம் மிச்சமாகிச் சேறு கறுத்தாலும் அப்படித்தான். "இறால் எண்ணிக்கை அதேதான், போன பட்டத்தில் இந்த ஏரேட்டரே போதுமாக இருந்ததே" என்று குழம்புகிறவர்களுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

நான்காவது படி: ஏரேட்டர் உண்மையில் எவ்வளவு தரும்?

2 எச்.பி. ஏரேட்டர் மணிக்கு 2.5 கிலோ ஆக்சிஜன் கரைக்கும் என்று விவரத்தாளில் போட்டிருந்தால், அது 20 டிகிரி நல்ல தண்ணீரில், ஆக்சிஜனே இல்லாத நிலையில் தொடங்கி அளந்தது. நம் குளம் 30 டிகிரி, உப்பு 20 பி.பி.டி. அந்தத் தண்ணீர் லிட்டருக்கு அதிகபட்சம் 6.7 மில்லிகிராம் அளவுதான் பிடித்து வைக்கும். நாம் 4-க்குக் கீழே விடக்கூடாது. ஏற்கெனவே 4 இருக்கும் தண்ணீரில் இன்னும் கரைப்பது கடினம். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், எழுதியிருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் கையில் வரும்: ஒரு ஏரேட்டருக்கு மணிக்கு 0.8 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நான்குக்கும் சேர்த்து 3.3 கிலோ. செலவு 2.8. கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, மேகமூட்டமான நாளுக்கு அது வேண்டும்.

விற்கிறவர் "ஒன்று போதும், மணிக்கு 2.5 கிலோ தரும்" என்று சொன்னால் இந்த மூன்றில் ஒரு பங்கை நினைவில் வையுங்கள்.

இப்போது மின்சாரம் போனால்? மணிக்கு 2.8 கிலோவை 4,800 கன மீட்டருக்குப் பிரித்தால், லிட்டருக்கு மணிக்கு சுமார் 0.6 மில்லிகிராம் குறையும். 4-லிருந்து 2-க்கு வர மூன்றரை மணி நேரம் கூட ஆகாது. தண்ணீர் சுற்றாமல் நிற்பதால் இறால் இருக்கும் அடிப்பகுதியில் இன்னும் சீக்கிரம் வரும். எனவே நான்கு ஏரேட்டர் வாங்க முடிந்து ஜெனரேட்டர் வாங்க முடியாதவர், குஞ்சைக் குறைத்து விடுவதே நல்லது. ஜெனரேட்டரில் நான்கு மோட்டாரையும் ஒரே நேரத்தில் போடாமல் ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

ஐந்தாவது படி: எங்கே, எப்போது

நான்கையும் முதல் நாளே இறக்க வேண்டியதில்லை. முதல் மாதம் மொத்த எடை சில நூறு கிலோதான், இரண்டு போதும். அறுபதாம் நாள் 7 கிராம் இருந்தால் சுமார் 1,200 கிலோ, மூன்றாவதைப் போடுங்கள். அதற்குப் பிறகு நான்கும் ஓடட்டும், இரவு பத்திலிருந்து காலை ஏழு வரை ஒன்றையும் நிறுத்தாதீர்கள்.

நான்கும் ஒரே திசையில் தண்ணீரைத் தள்ள வேண்டும், குளத்தைச் சுற்றி வட்டமாக. அப்போது சேறு நடுவில் குவியும், கரையோரம் சுத்தமாகத் தீவனம் போட இடம் கிடைக்கும். கரைக்கு மிக அருகில் வைத்தால் மண் அரிக்கும். நான் முதல் பட்டத்தில் மூன்றை ஷெட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தேன், கேபிள் செலவு மிச்சம் என்று. தொண்ணூறாம் நாளுக்கு மேல், மழை மூடிய ஒரு விடியலில், தூரத்து மூலையில் இறால் கரையோரம் மேலே வந்து, மீசை தண்ணீருக்கு வெளியே தெரிய ஒதுங்கி நின்றது. ஷெட்டுக்குப் பக்கத்தில் மீட்டர் 4.5 காட்டியது, அந்த மூலையில் 2.1. ஏரேட்டரின் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. தண்ணீர்தான் அங்கே போய்ச் சேரவில்லை.

துடுப்பு தண்ணீருக்குள் சுமார் 10 சென்டிமீட்டர் மூழ்க வேண்டும். மோட்டார் தகட்டில் எழுதிய ஆம்பியரைவிடக் கூடுதலாக இழுத்தால் ஆழமாக மூழ்கியிருக்கிறது, மோட்டார் எரியும். குறைவாக இழுத்தால் மேலோட்டமாக அடிக்கிறது, நுரை வரும், ஆக்சிஜன் வராது. மிதவையில் தண்ணீர் புகுந்தால் ஒரு பக்கம் சாயும், ஆம்பியர் அளவு அதையும் காட்டிக்கொடுக்கும்.

எடை கணக்கைத் தாண்டிவிட்டால், உதாரணத்துக்குப் பிழைப்பு 80-க்குப் பதில் 95 சதவீதம் வந்து 3,800 கிலோவை நோக்கிப் போனால், புது ஏரேட்டருக்கு ஓடுவதற்கு முன் தொண்ணூறாம் நாளில் ஒரு பகுதியைப் பிடித்து விற்பதை யோசியுங்கள். மிச்சத்துக்கு இருக்கும் எட்டு எச்.பி. போதும்.

கெண்டை வளர்ப்பவர்கள் மூன்றாவது, நான்காவது படியை அப்படியே பயன்படுத்தலாம். ஆனால் 400 கிலோ கணக்கு அடியில் வாழும் இறாலுக்கானது, மீனுக்கு அதை எடுத்துப் போகாதீர்கள். மீன் கொஞ்சமாக விட்ட குளங்களில் விடியற்காலை சில மணி நேரம் ஓட்டினாலே பெரும்பாலும் போதும். அதையும் விடியலில் ஆக்சிஜன் அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.